வானத்துல ஓடுற வயரை அழிக்க க்ளோன் ஸ்டாம்ப்பா ஹீலிங் பிரஷ்ஷா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டோ எடிட்டிங் பத்தி என்கிட்ட பேசுற பத்து பேர்ல ஆறு பேராவது இந்த ஒரு சந்தேகத்தைத்தான் கேக்குறாங்க, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். உதாரணத்துக்கு என்னோட ஒரு போட்டோவையே எடுத்துக்கிறேன்: சூரியன் மறைஞ்ச கொஞ்ச நேரத்துல மொட்டைமாடியில இருந்து எடுத்தது, அகலம் 6000 பிக்ஸல், உயரம் 4000. மேகமே இல்லாத வானம், மேல கருநீலம், கீழ போகப்போக ஆரஞ்சு. அந்த வானத்துக்கு குறுக்கால ஒரு கேபிள் டிவி வயர், வலப்பக்கம் மேல ஃப்ரேமுக்கு வெளியில இருந்து சரிஞ்சு வந்து இடப்பக்கம் ஒரு தென்னை மரத்துக்குள்ள போகுது. வயரோட தடிமன் 14 பிக்ஸல். பட்டன் பேரெல்லாம் ஃபோட்டோஷாப்ல இருக்கிறபடி சொல்றேன்.

ரெண்டுலயும் ஆல்ட் அழுத்தி ஒரு இடத்தை எடுத்து இன்னொரு இடத்துல பூசுறோம், அப்புறம் என்னங்க வித்தியாசம்?

கை பண்ற வேலை ஒண்ணுதான், உள்ள நடக்கிறது வேற. க்ளோன் ஸ்டாம்ப் சோர்ஸ்ல இருக்கிற பிக்ஸலை அப்படியே தூக்கிட்டு வந்து வைக்கும். அங்க நிறம் 150னா இங்கயும் 150தான், சுத்தி என்ன இருக்குன்னு அது பாக்கவே பாக்காது.

ஹீலிங் பிரஷ் சோர்ஸ்ல இருந்து டெக்ஸ்ச்சரை மட்டும்தான் எடுக்கும், அதாவது பக்கத்து பக்கத்து பிக்ஸலுக்கு நடுவுல இருக்கிற ஏத்த இறக்கம், நாய்ஸ், கிரெய்ன் இதெல்லாம். நிறமும் வெளிச்சமும் எங்கிருந்து வருதுன்னா நீங்க பூசின இடத்தோட ஓரத்துல இருந்து. பூசின பட்டைக்கு வெளிய சுத்தி என்ன நிறம் இருக்குன்னு பாத்து, அந்த ஓரத்தோட ஒட்டுற மாதிரி உள்ள பூரா சரி பண்ணிடும். பூசும்போது திரையில க்ளோன் மாதிரிதான் தெரியும், மவுஸை விட்ட அப்புறம்தான் கணக்கு போட்டு கலக்கும், அதனால நடுவுல பாத்து பயந்துட்டு நிறுத்தாதீங்க. இந்த "ஓரத்தைப் பாக்கும்"ங்கிற ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கீழ வர்ற பாதி பதில் இதுல இருந்துதான் வருது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, வானத்துல வயர்னா எது?

வயரோட நடுப்பகுதி, அதாவது ரெண்டு பக்கமும் வெறும் வானமா இருக்கிற நீளம் பூரா ஹீலிங் பிரஷ். வயர் எங்க போய் மரத்தையோ கம்பத்தையோ சுவரையோ இன்னொரு வயரையோ தொடுதோ அந்த இடத்துல மட்டும் க்ளோன் ஸ்டாம்ப். வரிசையும் முக்கியம், முதல்ல க்ளோன், அப்புறம்தான் ஹீலிங். காரணம் மரத்தைப் பத்தின கேள்வியில வருது.

க்ளோன் பண்ணா வயர் போயிடுது, ஆனா அது இருந்த இடத்துல ஒரு பட்டை மாதிரி தெரியுதே, ஏன்?

வானம் ஒரே நிறம்னு கண்ணு நினைச்சுக்குது, ஆனா அது ஒரே நிறமே இல்ல. என் போட்டோவுல வானத்தோட உச்சியில வெளிச்ச அளவு 95, அடிவானத்துக்கிட்ட 215, நடுவுல இருக்கிற தூரம் 2400 பிக்ஸல். 120 படி 2400 பிக்ஸல்ல ஏறுது, அப்போ ஒவ்வொரு 20 பிக்ஸலுக்கும் ஒரு படி. இப்போ நீங்க வயருக்கு 200 பிக்ஸல் மேல சோர்ஸ் எடுத்தா அது 10 படி இருட்டா இருக்கும், அதை அப்படியே கொண்டு வந்து வெச்சா நீளமா ஒரு கரும்பட்டைதான் நிக்கும். 40 பிக்ஸல் மேல எடுத்தா வித்தியாசம் 2 படிதான்.

ரெண்டு படியெல்லாம் தெரியுமான்னு கேப்பீங்க. ஒரு புள்ளியா இருந்தா தெரியாது. ஆனா வயர் அழிச்ச தடம் ஆயிரக்கணக்கான பிக்ஸல் நீளத்துக்கு நேர்கோடா ஓடுது, வழுவழுன்னு இருக்கிற இடத்துல நேர்கோட்டை நம்ம கண்ணு ரொம்ப சீக்கிரம் பிடிச்சிடும். புல்தரை, செங்கல் சுவர் இதுலயெல்லாம் 10 படி தப்பினாலும் டெக்ஸ்ச்சர் மறைச்சிடும், அதனாலதான் அங்க நல்லா வந்த க்ளோன் ஸ்டாம்ப் வானத்துல மட்டும் ஏமாத்துது. ஹீலிங்ல இந்தப் பிரச்சினையே வராது, அது சோர்ஸோட வெளிச்சத்தை எடுக்கிறதே இல்லையே.

அப்போ க்ளோன் பண்ணும்போது சோர்ஸ் எங்கதான் எடுக்கிறது? மேலயா, கீழயா, பக்கத்துலயா?

வானத்துல நிறம் எந்தப் பக்கமா மாறாம போகுதோ அந்தப் பக்கமா. சாயங்கால வானம் மேலிருந்து கீழதான் மாறும், இடமிருந்து வலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதனால வயர் இருக்கிற அதே உயரத்துல பக்கவாட்டுல போய் எடுக்கணும். மேலயோ கீழயோ போனா மேல சொன்ன படிக்கணக்கு வந்துடும்.

என் போட்டோ வயர் சரிவா போகுது, 4 பிக்ஸல் பக்கவாட்டுல போனா 1 பிக்ஸல் இறங்குது. அப்போ வயர் மேல இருந்து அதே உயரத்துல 160 பிக்ஸல் இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளிப்போனா அந்தப் புள்ளி வயரை விட்டு 40 பிக்ஸல் விலகியிருக்கும், 30 பிக்ஸல் பிரஷ்ஷுக்கு அது தாராளம். வெளிச்சமும் அதேதான். மேல Aligned டிக் போட்டிருக்கணும், அப்பதான் நீங்க கையை எடுத்து எடுத்து வெச்சாலும் அந்த 160 பிக்ஸல் தூரம் மாறாம கூடவே வரும்.

ஆனா வயர் கிட்டத்தட்ட படுக்கையா ஓடினா இந்த வழி எடுபடாது. 40 பிக்ஸலுக்கு 1 பிக்ஸல் இறங்குற வயர்னா அதே 40 பிக்ஸல் விலகலுக்கு 1600 பிக்ஸல் பக்கவாட்டுல போகணும், அவ்வளவு தூரம் போனா சூரியன் மறைஞ்ச பக்கம் வெளிச்சமாவும் மறுபக்கம் இருட்டாவும் இருக்கும், லென்ஸ்னால மூலைகள் இருட்டாகிறது வேற இருக்கு. படுக்கை வயருக்கு க்ளோனோட மல்லுக்கட்டாதீங்க, ஹீலிங்தான். முனையில க்ளோன் பண்ணியே ஆகணும்னா ஒட்டினாப்ல மேல இருந்து பாதி அகலம், கீழ இருந்து பாதி அகலம்னு ரெண்டு தடவையா எடுங்க, வித்தியாசம் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போய் பாதியாயிடும்.

ஒரு டுடோரியல்ல சாஃப்ட் பிரஷ் வெச்சு ஒபாசிட்டி 30 வெச்சு மெதுவா மெதுவா க்ளோன் பண்ண சொன்னாங்க, அது தப்பா?

அது பழைய காலத்து வழி. ஹீலிங் பிரஷ் 2002ல ஃபோட்டோஷாப் 7லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஸ்டாம்ப் மட்டும்தான் கையில, அதனால பட்டை தெரியாம இருக்க அப்படி பூசினாங்க, அந்தப் பாடம் இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. அப்படிப் பண்ணா வெளிச்ச வித்தியாசம் மறையும், அது உண்மைதான். ஆனா நாய்ஸ் போயிடும்.

எப்படின்னா, கேமரா எடுத்த வானத்துல எப்பவும் பொடிப்பொடியா ஒரு கிரெய்ன் இருக்கும். ஒரு இடத்து கிரெய்ன் மேல இன்னொரு இடத்து கிரெய்னை பாதிக்குப் பாதி கலந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு மொத்த கிரெய்ன் சுமார் 70 சதவீதமா குறையும். திரும்பத் திரும்ப வேற வேற இடத்துல இருந்து கலந்தீங்கன்னா இன்னும் குறையும், கடைசியில வயர் இருந்த இடம் மட்டும் மெழுகு தேய்ச்ச மாதிரி வழவழன்னு ஆகி, நிறம் சரியா இருந்தும் தடம் தெரியும், பிரிண்ட் போட்டா இன்னும் நல்லா தெரியும். அதனால வானத்துல க்ளோன் பண்ணா ஒபாசிட்டி 100, ஹார்ட்னெஸ் 70 இல்ல 80, ஒரே தடவை, கிட்டக்க இருந்து. ஹீலிங்குக்கும் ஓரம் கெட்டியான பிரஷ்ஷே வைங்க, ஓரத்தை ஒட்டுற வேலையை டூலே பாத்துக்கும்.

ஹீலிங் பண்ணிட்டேன், வயர் போச்சு, ஆனா மெல்லிசா ரெண்டு வெள்ளைக்கோடு ரயில் தண்டவாளம் மாதிரி நிக்குது. என்ன பண்ணேன்?

பிரஷ் சின்னதா எடுத்துட்டீங்க. பெருசு பண்ணிப் பாத்தா வயருக்கு ரெண்டு பக்கமும் வானத்தை விட வெளிச்சமா ஒரு கோடு ஓடும், அது ஷார்ப்பனிங் போட்டதுனால வர்றது. கூடவே லென்ஸ்னால ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் பச்சைன்னு ஒரு சாயம் இருக்கும். நீங்க கருப்பு வயரை மட்டும் சரியா மூடுற அளவுக்கு பிரஷ் வெச்சா பூசின பட்டையோட ஓரம் போய் அந்த வெள்ளைக்கோட்டு மேலயே உக்காருது. முதல் பதில்ல சொன்னது ஞாபகம் இருக்கா, ஹீலிங் ஓரத்துல இருந்துதான் நிறத்தை எடுக்கும். ஓரமே வெள்ளைன்னா உள்ளயும் வெளிறிப்போய்தான் வரும்.

என் வயர் 14 பிக்ஸல், வெள்ளைக்கோடு பக்கத்துக்கு 3 பிக்ஸல், மொத்தம் 20. நான் வெச்ச பிரஷ் 30. இந்த அளவுல ரெண்டு ஓரமும் சுத்தமான வானத்துல நிக்குது. ரொம்பப் பெருசாவும் வேண்டாம், தேவையில்லாம நல்ல வானத்தை ஏன் தொடணும். இன்னொண்ணு, ரா ஃபைலா இருந்தா ஷார்ப்பனிங்கை பூஜ்யத்துல வெச்சு, லென்ஸோட கலர் ஓரத்தையும் முதல்ல எடுத்துட்டு, அப்புறம் வயரை அழிங்க, ஷார்ப்பனிங் கடைசியில போட்டுக்கலாம். எனக்கு இது புரியறதுக்கு முன்னாடி ஒரு கல்யாண ஆல்பத்துக்காக பதினோரு போட்டோவுல இருந்த வயரை ராத்திரி பூரா உக்காந்து ரெண்டு தடவை அழிச்சேன், அதனால யார் கேட்டாலும் இதை நிறுத்தி நிதானமா சொல்லிடுவேன்.

மரத்துக்கிட்ட போனதும் ஹீலிங் கருப்பா புகை மாதிரி ஆக்கிடுது. எல்லாருக்கும் இப்படித்தான் வருமா?

எல்லாருக்கும் வரும், டூல் மேல தப்பு இல்ல, அது ஓரத்தைப் படிக்குது அவ்வளவுதான். பிரஷ்ஷோட முனை தென்னங்கீத்தைத் தொட்ட உடனே அந்த இடத்து ஓரம் கருப்பு, அந்தக் கருப்பை உள்ள இழுத்து வானத்தோட கலந்து விடும். பட்டையோட அகலத்துல ஒண்ணு ரெண்டு மடங்கு தூரம் வரைக்கும் கண்ணுல படுற மாதிரி கசியும், அதைத் தாண்டினா தானா மங்கிடும். அதனால நடுவுல நல்லா வந்திருக்கும், முனையில மட்டும் புகை நிக்கும்.

நான் பண்றதை வரிசையா சொல்றேன். முதல்ல 200 சதவீதம் ஜூம் பண்ணி வயர் கீத்துக்குள்ள நுழையற இடத்துக்குப் போனேன். க்ளோன் ஸ்டாம்ப், பிரஷ் 12 பிக்ஸல், ஹார்ட்னெஸ் 80, சோர்ஸ் அதே உயரத்துல பக்கத்து வானம். கீத்து நுனியில இருந்து வெளிய ஒரு 60 பிக்ஸல் நீளத்துக்கு வயரை கொஞ்சம் கொஞ்சமா மூடினேன், கீத்துக்கு நடுவுல சின்னச் சின்ன வானத்துண்டு தெரியுதே அதுக்குள்ள தெரியுற வயரையும் சேத்து. இப்போ வயருக்கும் மரத்துக்கும் தொடர்பே இல்ல, கயித்தை முனையில அறுத்துவிட்ட மாதிரி தனியா வானத்துல தொங்குது. அதுக்கு அப்புறம் ஹீலிங் பிரஷ்ஷுக்கு மாறி, 30 பிக்ஸல் பிரஷ்ல மிச்ச வயரை அழிச்சேன், அந்த 60 பிக்ஸல் இடைவெளிக்கு நடுவுலயே நிறுத்திட்டேன். பிரஷ் மரத்தைத் தொடவே இல்ல, புகையும் வரல. க்ளோன் பண்ண துண்டுல லேசா ஒரு படி வித்தியாசம் இருந்தாலும் அது 60 பிக்ஸல்தான், இலைக்கு ஒட்டினாப்ல இருக்கு, கண்ணு அங்க நேர்கோடு தேடாது.

கட்டடம், தண்ணி டேங்க் மாதிரி நேரான ஓரமா இருந்தா இன்னொரு வழியும் இருக்கு. வானத்தை மட்டும் செலக்ட் பண்ணுங்க, செலக்ஷனோட கோடு கட்டடத்து ஓரத்துல கச்சிதமா உக்காரணும். அப்புறம் ஹீலிங் பண்ணா செலக்ஷனுக்கு வெளிய இருக்கிற நிறம் உள்ள கசியாது. தென்னங்கீத்துக்கு அந்த மாதிரி கச்சிதமா செலக்ட் பண்றது பெரும்பாடு, அதனால அங்க நான் அறுத்துவிடுற வழிதான்.

வயர் நீளமா இருக்கு, கை நடுங்குது. கோடு போட்ட மாதிரி பூச முடியாதா?

முடியும். வயரோட ஒரு முனையில ஒரு க்ளிக், அப்புறம் ஷிஃப்ட் அழுத்திட்டு கொஞ்ச தூரத்துல இன்னொரு க்ளிக், நடுவுல நேரா பூசிடும். ரெண்டு டூல்லயும் வேலை செய்யும். ஆனா எந்த வயரும் முழுசா நேரா இருக்காது, தன் கனத்துல தொய்ஞ்சுதான் இருக்கும், ஒரேயடியா அந்த முனையில க்ளிக் பண்ணா நடுவுல வயர் பிரஷ்ஷுக்கு வெளிய போயிடும். 300, 400 பிக்ஸல் துண்டு துண்டா போங்க.

ரொம்பத் தொய்வா இருந்தா பென் டூல்ல வயர் மேலயே ஒரு பாத் வரைஞ்சுட்டு, பாத்ஸ் பேனல்ல Stroke Path போய் அங்க டூல் லிஸ்ட்ல Healing Brush எடுங்க. அதுக்கு முன்னாடி ஹீலிங் பிரஷ்ஷை கையில எடுத்து சைஸ் வெச்சு ஆல்ட் அழுத்தி சோர்ஸும் எடுத்திருக்கணும், அதை மறந்துட்டுதான் நிறைய பேர் வேலை செய்யலங்கிறாங்க.

ஹீலிங்தான் நிறத்தை தானே சரி பண்ணுதே, அப்போ சோர்ஸ் எங்க எடுத்தாலும் ஒண்ணுதானே?

நிறத்துக்கு ஒண்ணுதான், டெக்ஸ்ச்சருக்கு இல்ல. வானத்தோட இருட்டான மேல்பகுதியில கிரெய்ன் ஒரு மாதிரியும் வெளிச்சமான கீழ்ப்பகுதியில இன்னொரு மாதிரியும் இருக்கும், ஷேடோவை ஏத்தி விட்ட போட்டோன்னா வித்தியாசம் இன்னும் பளிச்சுன்னு தெரியும். கீழ இருந்து எடுத்து மேல பூசினா நிறம் பொருந்தும், கிரெய்ன் பொருந்தாது. அதனால இங்கயும் அதே உயரத்துலயே எடுங்க, க்ளோனுக்கு சொன்ன அளவு கறாரா இருக்கணும்னு இல்ல, ஒரு 100 பிக்ஸல் மேல கீழ போனாலும் பரவாயில்ல.

சோர்ஸ் காட்டுற அந்த கூட்டல் குறி மேல ஒரு கண்ணு இருக்கணும். அது போற வழியில ஒரு பறவையோ, மெல்லிசா ஒரு மேகத்து ஓரமோ, பக்கத்து வயரோ வந்தா அதோட உருவம் வெளிறிப்போய் பேய் மாதிரி பூசின இடத்துல வந்து நிக்கும்.

எங்க தெருவுல ஈபி வயர் நாலு பக்கத்துல பக்கத்துல ஓடுது, அதுக்கு குறுக்கால கேபிள் வேற. எங்க ஆரம்பிக்கிறது?

குறுக்கால வெட்டிக்கிற இடத்துல ஆரம்பிங்க. அந்த இடத்துல ஹீலிங் போட்டா ஓரத்துல இன்னொரு வயர் கருப்பா நிக்கும், மரத்துக்கிட்ட வந்த அதே புகைதான். ஒவ்வொரு சந்திப்பையும் சின்ன பிரஷ்ல க்ளோன் பண்ணி அறுத்துவிட்டுட்டா எல்லாம் தனித்தனி துண்டாயிடும்.

அப்புறம் நாலு இணை வயர்ல வெளி ஓரத்துல இருக்கிறதை முதல்ல எடுங்க, சோர்ஸ் வெளிப்பக்கத்து சுத்தமான வானத்துல. அது முடிஞ்சதும் அடுத்தது, இப்படி உள்ள உள்ள வரணும். நடுவயரை முதல்ல எடுக்கப்போனா ரெண்டு பக்கமும் இடம் பத்தாது. ரெண்டு வயருக்கு நடுவுல உங்க பிரஷ் நுழையற அளவுக்குக்கூட வானம் இல்லன்னா நாலையும் ஒரே பட்டையா நினைச்சு பெரிய பிரஷ்ல ஒரே ஸ்ட்ரோக்ல ஹீலிங் பண்ணிடுங்க, வானம் சீரா இருந்தா அதுவும் நல்லாவே வரும்.

Diffusion னு ஒரு ஸ்லைடர் இருக்கே, அதை எவ்வளவு வைக்கணும்?

1ல இருந்து 7 வரைக்கும் இருக்கும். பூசினது சுத்தியிருக்கிறதோட எவ்வளவு சீக்கிரம் கலக்கணும்ங்கிறதுதான் அது. கிரெய்ன் ஜாஸ்தியா இருந்தா கம்மியா வைங்க, வழவழன்னு இருந்தா கூட வைங்க. பகல்ல குறைஞ்ச ஐஎஸ்ஓல எடுத்த வானத்துக்கு நான் 5 இல்ல 6, இருட்டுல எடுத்ததுக்கு 2 இல்ல 3.

புது லேயர்ல பண்ணணுமா? பண்ணா ஒண்ணுமே பூச மாட்டேங்குது.

புது காலி லேயர்லதான் பண்ணணும், தப்பா வந்தா அந்த இடத்தை மட்டும் அழிச்சுட்டு மறுபடி பண்ணலாம். மேல Sample னு இருக்கிற இடத்துல Current Layer னு இருந்தா அது காலி லேயர்ல இருந்தே எடுக்கப் பாக்கும், அதான் ஒண்ணும் வரல. Current & Below னு மாத்துங்க. க்ளோனுக்கு ஒரு லேயர், ஹீலிங்குக்கு அதுக்கு மேல ஒரு லேயர்னு பிரிச்சு வெச்சுக்கிட்டா இன்னும் வசதி, க்ளோன் பண்ணதையும் சேத்து ஹீலிங் படிக்கும்.

All Layers வெக்காதீங்க. மேல கர்வ்ஸ் மாதிரி ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் இருந்தா அதோட விளைவையும் சேத்து எடுத்து கீழ பூசும், அதுக்கு மேல அந்த கர்வ்ஸ் இன்னொரு தடவை ஏறும், நிறம் எங்கயோ போயிடும்.

எனக்கு நல்லாத்தான் தெரியுது, ஆனா வேற ஸ்க்ரீன்ல பாத்தா தடம் தெரியுதுங்கிறாங்க. முன்னாடியே எப்படி கண்டுபிடிக்கிறது?

எல்லா லேயருக்கும் மேல ஒரு கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, கோட்டை செங்குத்தா இழுத்து கான்ட்ராஸ்ட்டை கண்டபடி ஏத்துங்க. வானம் அசிங்கமா தெரியும், பரவாயில்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு படி வித்தியாசம்கூட அப்போ அஞ்சாறு படியா தெரியும். வயர் இருந்த பாதையில நிறத்துல கோடு தெரிஞ்சா வெளிச்சம் பொருந்தல, நிறம் சரியா இருந்து வழவழன்னு ஒரு ரிப்பன் தெரிஞ்சா கிரெய்ன் போயிருக்கு. என் போட்டோவுல முதல் தடவை பாத்தப்போ நடுவுல ஒரு 500 பிக்ஸல் நீளத்துக்கு லேசா வெளிறின கோடு இருந்துச்சு, அந்தத் துண்டுல பிரஷ் வயர் மேல நடுவா போகாம ஒரு பக்கம் ஒதுங்கி வெள்ளைக்கோட்டுல உக்காந்திருந்தது. பிரஷ்ஷை 60 ஆக்கி புது சோர்ஸ் எடுத்து ஒரே ஸ்ட்ரோக்ல மேலயே பூசினேன், போயிடுச்சு.

அப்புறம் 25 சதவீதத்துக்கு ஜூமை குறைச்சும் ஒரு தடவை பாருங்க. சின்னதாக்கினா கிரெய்ன் ஒண்ணாக் கலந்து மறைஞ்சிடும், நீளமான மங்கல் கோடெல்லாம் அப்பதான் எட்டிப்பாக்கும். பெருசு பண்ணி மட்டுமே பாக்கிறவங்களுக்கு அது கடைசி வரைக்கும் தெரியறதில்ல. பாத்து முடிச்சதும் அந்த கர்வ்ஸ் லேயரை மறக்காம தூக்கிடுங்க.

வாட்ஸ்அப்ல வந்த போட்டோதான் இருக்கு, அதுலயும் இதே மாதிரி பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா வயருக்குப் பக்கத்துல ஒரு அழுக்கு இருக்கும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்ஸல் கட்டம் கட்டமா பிரிச்சுத்தான் சுருக்கும், ஒரு கட்டத்துக்குள்ள வயர் கொஞ்சம் நுழைஞ்சிருந்தாலே அந்தக் கட்டம் பூரா பொரிப்பொரியா ஆயிடும், நிறத்தோட அழுக்கு பல நேரம் 16 பிக்ஸல் கட்டம் வரைக்கும் பரவும். அதனால வயர் 4 பிக்ஸல்தான் இருந்தாலும் பிரஷ் 25, 30ன்னு வைக்க வேண்டி வரும். வேலை ஆரம்பிக்கும்போதே 16 பிட்டுக்கு மாத்திக்கிறதும் நல்லது, ஏற்கனவே தட்டு தட்டா உடைஞ்ச வானம் அதனால சரியாகாது, ஆனா அதுக்கு அப்புறம் நீங்க பண்ற வேலையில புதுசா உடையறது குறையும். அனுப்பினவங்ககிட்ட ஒரிஜினலை டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, பாதி வேலை அங்கயே முடியும்.

ஸ்பாட் ஹீலிங்ல சோர்ஸே எடுக்க வேண்டாமே, அதையே வெச்சு இழுத்துட்டா போதாதா?

மேகமில்லாத வானத்துல தனியா ஓடுற மெல்லிசு வயருக்கு போதும், நானும் அப்படித்தான் முதல்ல ஒரு இழுப்பு இழுத்துப் பாப்பேன். ஆனா டெக்ஸ்ச்சரை எங்கிருந்து எடுக்கணும்னு அதுவே முடிவு பண்ணுது, பக்கத்துல மரமோ கம்பமோ இருந்தா அதுல இருந்து ஒரு துண்டை எடுத்து வானத்துல வெச்சிடும். அப்படி வந்தா அன்டூ பண்ணிட்டு சோர்ஸை நீங்களே காட்டுற சாதாரண ஹீலிங் பிரஷ்ஷுக்கு வந்துடுங்க. முனையை முதல்ல அறுத்துவிடுற வேலை ஸ்பாட் ஹீலிங்குக்கும் அப்படியே பொருந்தும்.

என்கிட்ட ஜிம்ப் தான் இருக்கு அண்ணா, இதெல்லாம் அதுல உண்டா?

ரெண்டும் இருக்கு தம்பி. க்ளோனுக்கு C, ஹீலுக்கு H, சோர்ஸ் எடுக்க ஆல்ட்டுக்குப் பதிலா கன்ட்ரோல். Alignment இடத்துல Aligned வெச்சுக்கோங்க, ஷிஃப்ட் க்ளிக் கோடு அதுலயும் வரும். Diffusion ஸ்லைடர் கிடையாது. காலி லேயர்ல பண்றதுக்குப் பதிலா படத்து லேயரை டூப்ளிகேட் பண்ணி அது மேலயே பண்ணுங்க, கீழ ஒரிஜினல் பத்திரமா இருக்கும். அதே உயரத்துல சோர்ஸ், வெள்ளைக்கோட்டைத் தாண்டின பிரஷ், முனையில முதல்ல க்ளோன், இது மூணும் அங்கயும் அப்படியேதான்.